பாய்லர்காரர் வீட்டுக் காபி ஜெல்லி

தண்ணீர் கொதிப்பதைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்றுதான் ஆலையில் பேச்சு. துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலை அது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை கொதிகலனுக்குப் பக்கத்திலேயே நின்றவர். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதைக் கொடுத்தாலே உள்ளே நீர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஊரே அவரைப் பாய்லர்காரர் என்றுதான் அழைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு சரி.

அவர் மனைவிக்கும் அப்படித்தான். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது புறப்படப் போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. அதனால் மைக்கம்மா. ஆலைக்குப் போக அந்த நிலையத்தில் வண்டி மாறிய இளைஞன் ஒருவன், தன் வண்டிக்கான அறிவிப்பைக் கேட்டும் ஏறாமல், அடுத்த வண்டிக்கான அறிவிப்பையும் கேட்டுவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டான். கடைசியில் மைக்கிலேயே, “தூணுக்குப் பக்கத்துல நிக்கிற நீலச்சட்டைக்காரர் இந்த வண்டியிலயாவது ஏறிடுங்க” என்று குரல் வந்தது. கல்யாணக் கதை அவ்வளவுதான்.

மைக்கம்மாவுக்கு வாய்தான் எல்லாம். பேச்சு ஒன்று, காபி ஒன்று. காபியில் சர்க்கரை போட்டால் அவருக்குப் பிடிக்காது. கசப்பு நாக்கில் நிற்க வேண்டும். ஒரு அறிவிப்புக்கும் அடுத்த அறிவிப்புக்கும் நடுவில் பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுவார். சர்க்கரை போட்ட காபி குடிக்கிறவர்களைப் பாயசம் குடிக்கிறவர்கள் என்பார்.

அந்த நாக்கின் ஓரத்தில்தான் கட்டி வந்தது.

அறுவை செய்தார்கள். பிறகு கதிர்வீச்சு. கட்டி போய்விட்டது, திரும்ப வர வாய்ப்பு குறைவு என்றார்கள். ஆனால் வாய் முழுதும் வெந்து கிடந்தது. விழுங்குவதில் கோளாறு இல்லை, புரையேறவும் இல்லை, வலிதான். வலிக்குப் பயந்து மைக்கம்மா சாப்பிடுவதை நிறுத்தினார், பேசுவதையும் நிறுத்தினார். கையில் ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொண்டு டம்ளரில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் வேண்டாம். கடகடவென்று தட்டினால் இடத்தைக் காலி பண்ணு என்று பொருள். அந்த மூன்றாவதைத்தான் பாய்லர்காரர் அதிகம் கேட்டார்.

எடை இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு செலுத்த வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மைக்கம்மா இரண்டு தட்டு தட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அது கரண்டியால் சொல்ல முடியாத வேண்டாம்.

வெளியே வந்து தாதியம்மாவிடம் பாய்லர்காரர் வழி கேட்டார். சூடு, காரம், புளிப்பு, கரகரப்பு எதுவும் ஆகாது, ஆறினதும் குளிர்ந்ததும் மெத்தென்று இருப்பதும் போகும் என்றாள் தாதியம்மா. சத்துமாவு ஒன்றைக் கொடுத்து, எதில் கலந்தாவது உள்ளே போனால் போதும் என்றாள். காபி கொடுக்கலாமா என்று அவர் தயங்கிக் கேட்டார். பால் தூக்கலாக, லேசாக, ஜில்லென்று என்றால் கொடுத்துப் பாருங்கள், எரிந்தால் நிறுத்திவிடுங்கள் என்று பதில் வந்தது. அடுத்த வாரம் மறுபடியும் எடை பார்ப்பார்கள். அதற்குள் எடை இறங்கக் கூடாது. அதுதான் கணக்கு.

ஆறிய காபியை டம்ளரில் கொடுத்தபோது மைக்கம்மா ஒரு மிடறு எடுத்தார். திரவம் வாய் முழுக்க ஓடிப் புண்ணையெல்லாம் ஒரே நேரத்தில் தொட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைச் சுட்டிக்காட்டினார். இரும்பைக் குடிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

ஓடுவதால்தானே சங்கடம், ஓடாமல் இருந்தால்? குளிர்ந்தால் மரத்துப்போகுமே? பாய்லர்காரர் அன்று மத்தியானம் முதல்முறையாகச் சமையலறைக்குள் ஒரு வேலையோடு நுழைந்தார். மனைவிக்குப் பிடித்தபடியே சர்க்கரை போடாமல் காபி கலந்து, எவர்சில்வர் தட்டில் ஊற்றி, பிரீசருக்குள் வைத்தார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் கருங்கல். முள்கரண்டி வளைந்தது. கத்தி வழுக்கியது. ஸ்குரூடிரைவரையும் சுத்தியலையும் எடுத்து வந்து மேடையில் வைத்து உளிவேலை செய்துகொண்டிருந்தபோது மச்சினி வந்து சேர்ந்தாள்.

மைக்கம்மாவின் தங்கை. வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். பாய்லர்காரருக்கு அவள் பாப்பா. அவளுக்குப் பேரன் பிறந்த பிறகும் பாப்பாதான். வாசலில் நின்று சற்று நேரம் வேடிக்கை பார்த்தாள்.

“என்ன மாமா, அக்காவுக்குச் சிலை வைக்கிறீங்களா?”

“காபி.”

“காபியா? நான் தரையில பதிக்கிற கல்லுன்னு நினைச்சேன்.”

அவர் விஷயத்தைச் சொன்னதும் பாப்பா சிரிப்பை நிறுத்தினாள். கைப்பையை வைத்துவிட்டுத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சர்க்கரை போட்டீர்களா என்று கேட்டாள். அக்கா எப்போது சர்க்கரை போட்டுக் குடித்தாள் என்று இவர் திருப்பிக் கேட்டார்.

“இனிப்புக்கு மட்டுமா மாமா சர்க்கரை? வெறும் தண்ணி உறைஞ்சா ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிட்டுக் கல்லா நிக்கும். நடுவுல சர்க்கரை புகுந்தாத்தான் கையை விடும். அதுக்காக அள்ளிக் கொட்டினீங்கன்னா உறையவே உறையாது, கூழாவே கிடக்கும்.”

பாய்லர்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் தண்ணீரோடு குடித்தனம் நடத்தியவர் அவர். கொதிக்கும் நீர் என்னென்ன செய்யும் என்று அறிந்தவர். ஆனால் அது மறுபக்கம் போனால் என்ன ஆகும் என்று ஒருமுறையும் கேட்டுப் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் வாழ்ந்துவிட்டு ஒரு அறையைத் திறந்தே பார்க்காமல் இருந்த மாதிரி அவருக்குத் தோன்றியது.

பாப்பா சொன்னபடி மறுநாள் காபியைச் சுடச்சுட இறக்கி, சர்க்கரை கரைத்து, பால் சேர்த்தார்கள். வாயில் விட்டுப் பார்த்தால் திகட்டியது. அவர் முகத்தைச் சுளித்தார். சூடாக இருக்கும்போது திகட்ட வேண்டும், குளிர் பாதி இனிப்பைத் தின்றுவிடும் என்றாள் பாப்பா. அகலமான தட்டில் விரற்கடை உயரத்துக்கு ஊற்றி உள்ளே வைத்தார்கள். ஆழமான பாத்திரம் என்றால் உறைய நாளாகும். கேக் வேலை இருக்கிறது, அரைமணிக்கொரு தரம் முள்கரண்டியால் சுரண்டுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கொதிகலனின் அழுத்தமானியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தே பழகிய மனிதர். பிரீசருக்கு எதிரில் முக்காலியைப் போட்டுக்கொண்டார். முதல் முறை திறந்தபோது நடுவில் காபி காபியாகவே ஆடியது. ஓரத்தில் மட்டும் ஒரு விளிம்பு கட்டியிருந்தது, மெல்லிய ஊசிகளாக, தட்டின் சுவரிலிருந்து உள்நோக்கி நீண்டு. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு ஊசியிலும் இன்னும் சிறிய ஊசிகள் கிளைத்திருந்தன. யாரும் வரையவில்லை, யாரும் வெட்டவில்லை. கொதிநீர் சத்தம் போட்டுக்கொண்டுதான் எதையும் செய்யும். இது சத்தமே இல்லாமல் இவ்வளவு நேர்த்தியைச் செய்து வைத்திருந்தது. சுரண்ட மனசு வரவில்லை. கதவு திறந்தே இருந்ததால் பிரீசர் உறுமியது. அதற்குப் பிறகுதான் சுரண்டினார்.

ஓரத்தை உடைத்து நடுவுக்குத் தள்ளினார். அடுத்த முறை நடுவிலும் கட்டியிருந்தது, உடைத்தார். அதற்கடுத்த முறை தட்டு முழுக்க ஈரமணல். கடைசியில் முள்கரண்டி போன இடமெல்லாம் பழுப்புப் பொடிப்பனியாக எழுந்து நின்றது. ஒவ்வொரு பொடியிலும் ஒரு மினுக்கல். கிண்ணத்தில் அள்ளும்போது சரசரவென்றது.

மைக்கம்மா கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணிலும் அந்த மினுக்கல் வந்து போனது. ஒரு கரண்டி வாயில் போட்டார். குளிர் இதமாகத்தான் இருந்திருக்க வேண்டும், தோள் தளர்ந்தது. இரண்டாவது கரண்டியில் முகம் சுருங்கியது. நாக்கு தன்னையறியாமல் பொடியை மேலண்ணத்தில் வைத்து அழுத்தியிருக்கிறது. ஊசி ஊசிதானே. ஆரோக்கியமான வாய்க்கு அது வேடிக்கை, வெந்த வாய்க்குக் கண்ணாடித்தூள். கரண்டி டம்ளரைத் தேடியது. இரண்டு தட்டு. ஆனால் மெதுவாகத் தட்டினார். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கணவர் கையை ஒருமுறை அழுத்தினார்.

கெட்டியாக இருக்க வேண்டும், குத்தக் கூடாது. அப்படியென்றால் ஜெல்லிதான் என்றாள் பாப்பா தொலைபேசியில். அவளிடம் கடற்பாசிப் பொடி இருந்தது, பேரனிடம் கொடுத்தனுப்பினாள். இவர் எவ்வளவு போடுவது என்று கேட்கவில்லை. அவளும் நாலு கேக்குக்கு நடுவில் சொல்ல மறந்தாள். பொட்டலம் சின்னதாக இருந்ததால் பாதியைப் போட்டுவிட்டார்.

கடற்பாசியை நன்றாகக் கொதிக்கவிட்டால்தான் கரையும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். அது அவருக்குக் கைவந்த வேலை. காபியில் பொடியைத் தூவிக் கலக்கிக்கொண்டே இருந்தார். குமிழிச் சத்தம் மாறும்வரை காத்திருந்து, பால் சேர்த்து, மறுபடி ஒரு கொதி விட்டு, பாத்திரத்தில் ஊற்றினார். ஆறட்டும், பிறகு உள்ளே வைக்கலாம் என்று மனைவிக்கு மருந்து கொடுக்கப் போனார். திரும்பி வந்து பாத்திரத்தைத் தூக்கினால் காபி ஆடவில்லை.

சாய்த்துப் பார்த்தார். ஆடவில்லை. பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பிரீசரும் இல்லை, பனியும் இல்லை. சூடு முழுக்க ஆறுமுன்பே, மேசைமேல், பட்டப்பகலில் திரவம் திடமாகிவிட்டது. குளிர்ந்தால் உறையும் என்பது தெரியும். வெதுவெதுப்பிலேயே உறைவது என்ன நியாயம்? ஒரு துண்டை வெட்டி மறுபடி சூடாக்கிப் பார்த்தார். வெயில்பட்ட தரையளவு சூட்டிலும் அது உருகவில்லை. கொதிக்கப் போகிறது என்று அவர் காது சொல்கிற கட்டம் வரும்வரை அசையாமல் நின்றது. இறுகிய இடம் ஒன்று, இளகிய இடம் வேறொன்று. போன வழியில் திரும்பி வராத மனிதர்களை அவர் பார்த்திருக்கிறார். பண்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஆச்சரியம் அவருக்கு. மைக்கம்மாவுக்கு அழிரப்பர். கரண்டியால் அழுத்தினால் துண்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. வாயில் போட்டால் கரையவில்லை, மெல்ல வேண்டும்; மெல்ல முடியாது. உடைந்த விளிம்பு வேறு நாக்கில் உரசியது. கடகடவென்று தட்டினார்.

சாயங்காலம் வந்த பாப்பா ஒரு துண்டை எடுத்துத் தரையில் போட்டாள். அது எம்பிக் குதித்தது.

“இத வச்சுக் கிரிக்கெட் ஆடலாம் மாமா. ஒரு டீஸ்பூன் போதும் இதுக்கு.”

அளவைக் குறைத்தால் மென்மையாகுமே என்றார் இவர். ஆகும், ஆனாலும் கடற்பாசி வாய்ச்சூட்டில் உருகாது, உடையத்தான் உடையும் என்று பாப்பா யோசித்தாள். பிறகு அக்கா படுத்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பையிலிருந்து வேறொரு பொட்டலத்தை எடுத்து மேடையில் வைத்தாள். குரல் தானாகவே தணிந்தது.

“ஜெலட்டின். இது வாய்ல போட்டதும் கரைஞ்சிடும். மெல்லவே வேண்டாம். ஆனா…”

ஆனா என்னவென்று அவருக்கும் தெரியும். ஜெலட்டின் மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. மைக்கம்மா சிறுமியாக இருந்தபோது ஆட்டுக்குட்டி ஒன்று பின்னாலேயே திரியுமாம். ஒருநாள் அது திரியவில்லை. தட்டில் கறி இருந்தது. அன்றைக்கு எழுந்தவர் அதற்குப் பிறகு கறியைத் தொடவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்த விரதம் இல்லை அது. தானே போட்ட பூட்டு. பக்கத்தில் உட்கார்ந்து பாப்பா வளைத்துக் கட்டினால்கூட ஒன்றும் சொல்ல மாட்டார். தன் தட்டுக்குள் மட்டும் வரக்கூடாது.

“சொல்லாதீங்க மாமா. மருந்துன்னு நினைச்சுக்கங்க. உடம்பு தேறினப்புறம் நானே சொல்லித் திட்டு வாங்கிக்கிறேன்.”

எடை பார்க்க இன்னும் நாலே நாள். பாய்லர்காரர் தலையை ஆட்டினார்.

இந்தமுறை பாப்பா பக்கத்திலேயே நின்றாள். பொடியைக் குளிர்ந்த நீரில் தூவியதும் அது நீரைக் குடித்து மணல்மணலாக உப்பியது. காபியை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு அதைக் கலந்தாள். இவர் பழக்கதோஷத்தில் மறுபடி அடுப்பைப் பற்றவைக்கப் போனார். “கைய எடுங்க. இது உங்க ஆலை இல்ல. போட்டுக் கொதிக்க வச்சா இறுகுற சத்தெல்லாம் போயிடும்” என்று தட்டிவிட்டாள். ஒன்று கொதித்தால்தான் கட்டும், இன்னொன்று கொதித்தால் கட்டாது. வெதுவெதுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. குளிர்பெட்டியில் இரவு முழுக்க இருந்த பிறகுதான் இறுகியது.

மறுநாள் காலையில் கிண்ணத்தை எடுத்து அசைத்துப் பார்த்தார். காபி நடுங்கியது. தொட்டால் விரல் ஒட்டாமல் வந்தது. ஓரத்தில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். ஒரு நொடி அது ஒரு பொருள். அடுத்த நொடி விளிம்பு மறைந்தது, உரு மறைந்தது, வாய் முழுக்கக் காபியாகி இறங்கிப் போய்விட்டது. பல் எதற்கு, நாக்குகூட அசைய வேண்டாம். உடம்பின் சூட்டை அளந்து வைத்துக்கொண்டு அந்தச் சூட்டில்தான் இளகுவேன் என்று காத்திருந்த மாதிரி.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். மைக்கம்மா தலையணையில் சாய்ந்திருந்தார். நடுங்கும் ஜெல்லியைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். கரண்டியை நீட்டிக் கை வைக்கப் போனவர், நிறுத்தி அவரைப் பார்த்தார். நேற்று ரப்பராக இருந்தது இன்று எப்படி இப்படி ஆனது என்று கேட்பதுபோல் புருவம் உயர்ந்தது. அவ்வளவுதான்.

கொதிகலனில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே நீர்மட்டம் எவ்வளவு என்று அதில் தெரியும். கண்ணாடி மங்கி மட்டம் தெரியாவிட்டால் தெரிகிற மாதிரி நடிக்கக் கூடாது. நடித்தவனை மட்டும் அது விடாது, பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். வேலையில் அவர் கற்ற பாடம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் பழக்கம்.

“இது ஜெலட்டின் போட்டது. மாட்டுத்தோல்ல எடுக்கிறது. நீ வேண்டாம்னா வேண்டாம்” என்றார். “சாப்பிட்டா எடை நிக்கும்னு நினைச்சேன். சொல்லாம குடுக்கத்தான் எடுத்துட்டு வந்தேன்.”

மைக்கம்மா கிண்ணத்தை வெகுநேரம் பார்த்தார். காபியின் வாசம் அவர் முகத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மூச்சை ஒருமுறை நிறைய இழுத்தார். பிறகு கரண்டியால் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினார். இரண்டு. கோபமில்லை. பாய்லர்காரர் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தது. கையை நீட்டி அதைச் சரிசெய்துவிட்டார்.

பாப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள் திட்டினாள். அரிச்சந்திரன் வம்சம் என்றாள், அக்காவுக்கு மூக்கில் குழாய் போடும்போது உண்மை பக்கத்தில் உட்கார்ந்து கை பிடித்துக்கொள்ளுமா என்றாள். கடைசியில் அழுதாள். ஜெல்லியைப் பாப்பாவின் பேரன் வந்து சாப்பிட்டுப் போனான்.

கை சும்மா இருந்தால் மனம் கெடும் என்று குளிர்பெட்டியைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். பின்னால் அந்தக் கடற்பாசி ரப்பர் கிடந்தது. குப்பையில் போடலாம், குப்பை வண்டி வந்து போய்விட்டது. வெயிலில் கிடந்தால் எறும்பு படையெடுக்கும். கழுவுதொட்டியில் கொட்டலாம், கொட்ட மாட்டார். குழாய்க்குள் கட்டி எதையும் விடுவது பாய்லர்காரர்களுக்குப் பாவம். ஒரு நகத்தளவு உப்புக்காரை அடைத்ததால் ஆலையே நின்றுபோன நாளை அவர் பார்த்திருக்கிறார். அரைத்துத் தண்ணீராக்கி விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். துண்டுகளை மிக்ஸி ஜாரில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஓடவிட்டார்.

முதலில் கடகடவென்று கல் உருளும் சத்தம். பிறகு சளசளப்பு. பிறகு சத்தம் மாறியது. காதால் பிழைத்தவர் அல்லவா, கை விசையை விட்டது. அந்த மாதிரி வழவழத்த சத்தம் தண்ணீரில் வராது.

மூடியைத் திறந்தார். தண்ணீர் இல்லை. துண்டும் இல்லை. பழுப்பாக, பளபளப்பாக, பாலேடு மாதிரி ஒன்று ஜாரின் சுவரில் மடிந்து கிடந்தது. கரண்டியை விட்டு எடுத்தார். கரண்டியில் குவிந்து நின்றது. சாய்த்தார், மெல்ல வழிந்தது. நேராக்கினார், வழிவது நின்றது. தட்டில் விட்டால் மேடாக உட்கார்ந்தது, தட்டைக் குலுக்கினால் பரவியது. ஓடு என்றால் ஓடியது, நில் என்றால் நின்றது. வாயில் வைத்தார். கரகரப்பு இல்லை, விளிம்பு இல்லை, மெல்ல ஒன்றும் இல்லை. பட்டுத்துணி நாக்கின்மேல் இழுபட்ட மாதிரி.

பாய்லர்காரர் மேடையில் கையூன்றிக்கொண்டார். நீர், பனி, ஆவி என்று மூன்று நிலையைத்தான் அவர் அறிவார். இது எதிலும் சேரவில்லை. இதற்கு அவரிடம் பெயரே இல்லை. இத்தனைக்கும் நேற்று தரையில் எம்பிக் குதித்த அதே பண்டம். சமையலறையில் வேறு யாரும் இல்லை, இருந்தும் அவர் திரும்பிப் பார்த்தார், யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

பாப்பாவைத்தான் கூப்பிட்டார். அவள் நம்பவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு கரண்டி நக்கிவிட்டு இன்னொரு கரண்டி அள்ளினாள். “உடையத்தான் உடையும்னு சொன்னேன்ல” என்றாள் பிறகு, மெதுவாக. “உடைக்கிறத நாம பாதியில விட்டிருக்கோம் மாமா.” கண்ணுக்குத் தெரியாத அளவு பொடித்துவிட்டால் துண்டு என்று நாக்குக்குத் தெரியாது. அவ்வளவு பொடியும் தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் ஓடவும் இல்லை.

இருவரும் புதிதாகச் செய்தார்கள். லேசான காபி, பால் தூக்கலாக, பொடி ஒரு தேக்கரண்டி மட்டும், சர்க்கரை தாராளமாக. கொதிக்க வைத்து, இறுகவிட்டு, துண்டுபோட்டு, குளிர்ந்த பாலும் தாதியம்மா கொடுத்த சத்துமாவும் சேர்த்து அரைத்தார்கள். அவர் ஜாருக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றார். சத்தம் மாறியதும் கையைத் தூக்கினார், பாப்பா நிறுத்தினாள். வடிகட்டியில் ஒருமுறை தேய்த்து இறக்கினார்கள்.

மைக்கம்மா புருவத்தை உயர்த்தினார்.

“கடற்பாசி. கடல்ல முளைக்கிற செடி” என்றார் அவர்.

கரண்டி உள்ளே போனது. இருவரும் காத்திருந்தார்கள். முகம் சுருங்கவில்லை. கண் மூடியது, தொண்டை அசைந்தது, கண் திறந்தது. இன்னொரு கரண்டி. அதற்குப் பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை, கிண்ணத்தைத்தான் பார்த்தார். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். கிண்ணத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. காலி டம்ளரில் ஒரு தட்டு.

ஒரு தட்டுக்கு இன்னும் கொஞ்சம் என்றும் அர்த்தம் உண்டு என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எடை பார்த்த அன்று முள் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மருத்துவர் தாள்களைப் புரட்டிவிட்டு, குழாயை இந்த வாரம் வேண்டாம், பார்ப்போம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை குழாயைப் பற்றிப் பேசவே இல்லை. தாதியம்மா என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். பாய்லர்காரர் விளக்க ஆரம்பித்து, ஊசிப்பனியில் தொடங்கி, வெதுவெதுப்பில் இறுகியதில் நின்று, மிக்ஸிச் சத்தத்துக்கு வருவதற்குள் வரிசையில் நின்றவர்கள் கனைத்தார்கள்.

பழக்கமாகிவிட்டது. காலையில் ஒரு பாத்திரம், மாலையில் அரைப்பு. காபிக் கூழ் போனபின் வாய் மரத்திருக்கும் நேரத்தில் வேறு சாப்பாடும் கொஞ்சம் உள்ளே போனது. புண் மெல்ல ஆறியது. ஆனால் ருசி வரவில்லை. எதைக் கொடுத்தாலும் ஜன்னல் கம்பியைத்தான் காட்டினார் மைக்கம்மா. காபியென்று வாசத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். சர்க்கரை எவ்வளவு போட்டாலும் அவர் நாக்குக்கு அது எட்டவில்லை. சத்துக்காக இவர் கை தாராளமாகவே போட்டுக்கொண்டிருந்தது. ருசி வர மாதங்கள் ஆகலாம், சிலருக்கு முழுதாக வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குரலும் அப்படித்தான் கிடந்தது. பேச முடியும், பேசலாம் என்றார்கள். மைக்கம்மா கரண்டியை விடவில்லை.

ஒரு மத்தியானம். பாப்பா கூடத்தில் உட்கார்ந்து கேக் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பாய்லர்காரர் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு ஜாரைக் கழுவ உள்ளே போயிருந்தார். குழாயைத் திறந்தபோது கூடத்திலிருந்து ஒரு சத்தம். கரண்டிச் சத்தம் இல்லை.

குழாயை மூடினார்.

குரல் கரகரப்பாக, துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது. ஆனால் அந்தக் குரல்தான். தூணுக்குப் பக்கத்தில் நின்று வண்டியை விட்டவருக்கு அது தெரியாதா.

“என்னங்க, இது என்ன காபியா, பாயசமா? இவ்வளவு சர்க்கரையா போடுவாங்க?”

பாப்பாவின் கையிலிருந்த பெட்டி பாதி மடிப்பில் நின்றது. பாய்லர்காரர் ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

“காது கேக்கலையா? நாளைக்குப் பாதி போடுங்க.”